தேவைப்பட்டா மட்டும்

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு 'வாங்காதீர்கள்' என்று எழுதுகிற வியாபாரத்தைப் பானுமதி அதுவரை கண்டதில்லை.

காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, தான் வேலை பார்க்கும் போன் ரிப்பேர் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறப்பது. அன்றும் திறந்தாள். கடைக்கு எழுதிக் கொடுக்கும் ஜீனத் போட்டிருந்தாள்.

'மழை நேரம். போன் நனைஞ்சா முதல்ல ஆஃப் பண்ணுங்க. அரிசிப் பானைக்குள்ள போடாதீங்க, அரிசித் தூள் சார்ஜ் போடற ஓட்டைக்குள்ள போயிரும். ஆஃப் பண்ண கையோட கொண்டு வாங்க. பைக்ல போறவங்களுக்குத் தண்ணி புகாத உறை நம்ம கடைல இருக்கு. வீட்ல கெட்டியான பிளாஸ்டிக் பை இருந்தா அதுவே போதும். தேவைப்பட்டா மட்டும் வாங்க.'

"அதுவே போதுமாம்" என்று பானுமதி வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

அந்த உறைகள் போன மழைக்கு வாங்கியவை. கம்பியில் தொங்கித் தொங்கி மேலே தூசி படிந்துவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம் பானுமதி எடுத்துக் காட்டியிருக்கிறாள். "மழை வருதுண்ணே, போன் போச்சுன்னா மறுபடி எங்ககிட்டதான் வந்து நிப்பீங்க" என்று பயமுறுத்தியும் பார்த்திருக்கிறாள். ஒருத்தரும் எடுக்கவில்லை. அன்று மதியத்துக்குள் கம்பி காலியாகிவிட்டது. வாங்க வந்த ஒருவர், "வீட்ல பிளாஸ்டிக் பை இருக்குங்க, ஆனா இது ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தார்.

பானுமதியும் சிரித்தாள். வயிறு எரிந்தது.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் இருந்தது அந்தக் கடை. முதலாளி முருகானந்தம் ஜீயபுரத்துக்காரர். வாழைத்தார் வெட்டிச் சுமந்த தோள். எப்படியோ ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, இப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். முன்னால் கவுண்டர் பானுமதியுடையது. கடை திறந்த நாளிலிருந்து அவளுடையது. அவள் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் வெங்காயக் கூறு முன்னால் உட்கார்ந்து கத்தியவள் அவள். மார்க்கெட் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: நின்றவனை விடாதே. கையில் கொடுத்துவிடு. கையில் வாங்கியவன் திருப்பி வைக்கக் கூச்சப்படுவான். அதை வைத்தே அவள் இத்தனை வருஷம் திரை உடையாமல் ஒட்டுகிற டெம்பர் கிளாஸும் பேக் கவரும் விற்றாள்.

அப்போதெல்லாம் ஸ்டேட்டஸ் போடுவதும் அவள்தான். 'அதிரடி ஆஃபர்! டிஸ்ப்ளே மாற்றினால் டெம்பர் பாதி விலை! முந்துங்கள்! இன்றே கடைசி!' என்று சிவப்பு எழுத்தில், சுற்றிலும் பட்டாசு படம் வைத்துப் போட்டாள். ஆடியில் போட்டது புரட்டாசி வரை ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் சார்ஜ் ஏறாத போனோடு ஜீனத் வந்தாள். பாலக்கரைப் பெண். கைக்குழந்தைக்காரி. குழந்தை பிறக்கும் வரை ஏதோ ஆன்லைன் கம்பெனிக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவள். போன் ரெடியாகும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து கடையின் ஸ்டேட்டஸைப் பார்த்தவள், தடுப்புக்குள் எட்டி, "அண்ணா, இன்றே கடைசி, இன்றே கடைசின்னு ரெண்டு மாசமா போட்டிருக்கீங்களே, கடைசி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

முருகானந்தம் வயிறு குலுங்கச் சிரித்தார். பானுமதி சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து போஸ்ட் எழுதுவது ஜீனத் என்று ஆகிவிட்டது. வீட்டிலிருந்தே எழுதுவாள். கடைக்கு எப்போதாவது வருவாள்.

ஆனால் எழுதுவதற்கு அவளுக்குப் பானுமதி வேண்டும். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவாள்.

"அக்கா, சாப்டீங்களா? இன்னைக்கு என்னக்கா வந்துச்சு?"

"என்ன வரும்? உடைஞ்சது, நனைஞ்சது, பேட்டரி வீங்குனது."

"எப்படி உடைஞ்சதாம்?"

"எப்படி உடைஞ்சா உனக்கென்ன? ஒரு பையன், வண்டி ஹேண்டில்ல போன் ஸ்டாண்டு மாட்டிருக்கான். ஸ்பீடு பிரேக்கர்ல தெறிச்சிருச்சு."

மறுநாள் அது போஸ்ட்டாகிவிடும். 'போன் ஸ்டாண்டு வச்சிருக்கீங்களா? வாரம் ஒரு தடவை அதோட ஸ்குரூவ முறுக்கிப் பாருங்க. லூஸா இருந்தா கொண்டு வாங்க, சும்மாவே டைட் பண்ணித் தர்றோம். ரப்பர் தேஞ்சிருந்தா மட்டும் புதுசு பாக்கலாம்.' திருகாணி முறுக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு ரப்பர் தேய்ந்திருந்தது.

ஜீனத்திடம் சில பிடிவாதங்கள் இருந்தன. ஒரு போஸ்ட்டில் ஒரு பொருள்தான். இரண்டைச் சேர்த்தால் கடை விளம்பரம் ஆகிவிடும் என்பாள். டிஸ்ப்ளே மாற்றியவர்களுக்கு ஒரு பட்டியல், சார்ஜிங் போர்ட் மாற்றியவர்களுக்கு வேறொரு பட்டியல் என்று பிரித்து வைத்திருந்தாள். கேபிள் பற்றிய செய்தி டிஸ்ப்ளே மாற்றியவருக்குப் போகாது. கடை நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் இப்படி மொத்தமாக அனுப்புவது போய்ச் சேரும் என்பதால், பில் போடும்போது சேமிக்கச் சொல்லுங்கள் என்று பானுமதியை நச்சரித்தாள். ரிப்பேருக்குக் கொடுத்த போன் கைக்குத் திரும்பும் முன் எதையும் விற்கக் கூடாது என்பது இன்னொன்று.

"போன் பொழைக்குமான்னு பயந்து நிக்கிறவங்ககிட்ட கவர் காட்டாதீங்கக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல மாலை விக்கிற மாதிரி இருக்கு."

"எங்கப்பன் மார்க்கெட்ல மூட்டை தூக்குனாரு. நீ எனக்கு வியாபாரம் சொல்லித் தர்றியா?"

"ஐயோ, உங்ககிட்ட கத்துக்கிட்டுதான்க்கா நான் எழுதறேன்."

இந்தப் பணிவுதான் பானுமதிக்குப் பொறுக்கவில்லை. திமிராகப் பேசினால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறிவிடலாம். இவளோ ஒவ்வொன்றுக்கும் அக்கா, அக்கா என்று குழைகிறாள். பானுமதி அவள் போஸ்ட்டுகளில் எழுத்துப் பிழை தேடினாள். கிடைக்கவில்லை. ஒருநாள் மதியம் தானே ஒன்று எழுதிப் பார்த்தாள். 'உங்கள் போனுக்குக் கவர் தேவை. வாங்கினால் நல்லது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை.' படித்தபோது அவளுக்கே யாரோ ஒருத்தி கோபித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள். அதே சங்கதியைத்தானே ஜீனத்தும் சொல்கிறாள், அவள் சொன்னால் மட்டும் ஏன் ஆட்கள் வருகிறார்கள் என்பது பானுமதிக்குப் பிடிபடவே இல்லை.

முருகானந்தத்துக்கு அந்தக் கடைசி வரி மேல் தனி மோகம். "தேவைப்பட்டா மட்டும் வாங்க! பாத்தியா பானு, வாங்கன்னா விலை குடுத்து வாங்கறதும் ஆச்சு, கடைக்கு வர்றதும் ஆச்சு. ஒரே சொல்லு. எப்படிப் போட்டிருக்கா பாரு!"

"ஆமாண்ணே. பெரிய கண்டுபிடிப்பு."

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். அதற்குள் திருவெறும்பூரில் கிளை திறக்கும் பேச்சு வந்தது.

தொழிற்சாலைக் குடியிருப்புகள் நிறைந்த பக்கம். தஞ்சாவூர் ரோட்டிலேயே ஒரு கடை கிடைத்திருந்தது. தை பிறந்ததும் திறப்பு. அங்கே பொறுப்பாக ஒரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் தான்தான் என்று பானுமதி மனசுக்குள் முடிவே கட்டியிருந்தாள். மார்க்கெட்டில் அவள் அப்பாவை முப்பது வருஷமும் "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஆளின் மகள் ஒரு கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

முருகானந்தம் டீயை உறிஞ்சியபடி சொன்னார்: "யோசனையாத்தான் இருக்கு பானு. இங்க நம்மளத் தெரியாதவன் கிடையாது. அங்க நம்ம மூஞ்சியே யாருக்கும் தெரியாது. போஸ்ட்டுதான் ஆளக் கூட்டிட்டு வரணும். ஜீனத்தையே உக்கார வச்சா என்னன்னு தோணுது. அவங்கம்மா குழந்தையப் பாத்துக்கறேன்னாங்களாம்."

பானுமதி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அவளுக்கு டெம்பர் ஒட்டத் தெரியுமாண்ணே? குமிழி இல்லாம?"

"அது ரெண்டு நாள்ல வந்துரும்."

"ஓ."

"கோச்சுக்காத. இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல. சண்முகசுந்தரம் சார் நம்ம போஸ்ட்ட அவங்க குவார்ட்டர்ஸ் குரூப்ல போட்டுட்டே இருக்காரு. அவர் ஒரு வார்த்தை சொன்னா அந்த ஏரியாவே வரும். பாப்போம்."

சண்முகசுந்தரம் தொழிற்சாலையில் மூத்த ஃபோர்மேன். மனைவி மீனாம்பாள் வெள்ளிக்கிழமை தவறாமல் ரங்கநாதரைப் பார்க்க வருவார். கணவர் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவர் தரிசனம் முடித்து வரும் வரை கடையில் உட்கார்ந்து பேசுவார்.

முடிவு அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோது முருகானந்தம், புதுக் கடைக்குச் சாமான் எடுக்க மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனார். அவர் ஊரில் இல்லாத அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

முன்பே ஆர்டர் கொடுத்திருந்த சார்ஜர்கள் பெட்டியோடு வந்து இறங்கின. மதியம் ஜீனத் வழக்கம்போலக் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழுதது.

"அக்கா, இப்பல்லாம் போன் வாங்கினா சார்ஜர் வைக்கிறதில்லையே, அதப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். வந்திருக்கறது எப்படிக்கா? லோக்கலா?"

"லோக்கல் எல்லாம் அண்ணே எடுக்க மாட்டாரு. ஒரிஜினல்."

பானுமதி இதை வேண்டுமென்றே சொல்லவில்லை. கவுண்டர் பேச்சில் சரக்கு இரண்டே சாதிதான். சூடாகி நாறுவது லோக்கல். உழைப்பது ஒரிஜினல். எந்தக் கம்பெனி செய்தது என்பது அந்தச் சொல்லுக்குள் கிடையாது. கடைக்குக் கடை அப்படித்தான் சொல்கிறார்கள். முருகானந்தமும் அப்படித்தான் சொல்வார்.

சற்று நேரத்தில் ஜீனத்தின் வரைவு வந்தது. எதைப் போடும் முன்பும் பானுமதிக்கு அனுப்பிச் சரி பார்ப்பது அவள் வழக்கம்.

'புது போன் பெட்டிக்குள்ள சார்ஜர் இல்லையா? பழைய போனோட சார்ஜர எடுத்துப் போட்டுப் பாருங்க. நல்லா ஏறுச்சுன்னா அதுவே போதும். ரொம்ப மெதுவா ஏறுது, இல்ல சூடாகுதுன்னா மட்டும் மாத்துங்க. உங்க போன் கம்பெனியோட ஒரிஜினல் சார்ஜரே இப்ப நம்ம கடைல இருக்கு. தேவைப்பட்டா மட்டும் வாங்க.'

பானுமதி ஒரு சார்ஜர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். போன் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு முன்னால், எறும்பு ஊர்ந்த மாதிரி, 'ஃபார்' என்று ஆங்கிலத்தில் ஒரு பொடிச் சொல். அதாவது அந்தக் கம்பெனியின் போனுக்கு என்று வேறு யாரோ செய்த சார்ஜர். கெட்ட சரக்கு இல்லை. ஆனால் கம்பெனியுடையது இல்லை.

'உங்க போன் கம்பெனியோட' என்ற மூன்று சொல்லை எடுக்கச் சொன்னால் போதும். ஒரு நிமிஷ வேலை.

அவளுக்குள் ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. ஒரு தடவை சறுக்கட்டுமே. ஒரே ஒரு தடவை அண்ணன் ஜீனத்தைப் பார்த்து முகம் சுளிக்கட்டுமே. எழுதுகிறவள்தானே பார்த்து எழுத வேண்டும்? நான் ஒரிஜினல் என்றேன், கம்பெனி என்றா சொன்னேன்?

கட்டை விரல் படத்தை அனுப்பினாள். 'தேங்க்ஸ்க்கா' என்று உடனே வந்தது, கூடவே ஒரு இதயம். பானுமதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வாரம் சார்ஜர் அப்படிப் போயிற்று. போஸ்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து கேட்டார்கள். பானுமதி பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். யாரும் எறும்பு எழுத்தைப் படிக்கவில்லை. அவளும் படித்துக் காட்டவில்லை. சண்முகசுந்தரம் போனிலேயே சொல்லி வைத்து, குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும் சேர்த்து ஒரு பையாக மீனாம்பாளிடம் வாங்கி வரச் சொன்னார்.

முருகானந்தம் திரும்பிய மறுநாள் வெள்ளிக்கிழமை. சண்முகசுந்தரம் அதே பையோடு உள்ளே வந்தார். பின்னால் மீனாம்பாள், நெற்றியில் துளசித் தீர்த்தத்தின் ஈரத்தோடு. பையைக் கவுண்டர் மேல் வைத்த சத்தத்திலேயே பானுமதிக்குப் புரிந்துவிட்டது. முருகானந்தம் உள்ளே ஹீட்டர் முன்னால் ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் விட முடியாது. தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"என்னம்மா இது?" என்றார் சண்முகசுந்தரம். குரலை உயர்த்தவில்லை. "கம்பெனி சார்ஜர் போட்டா திரையில வேகமா ஏறுதுன்னு ஒரு மின்னல் குறி வரும். இதுல வரல. ராத்திரி போட்டா விடிய விடிய ஏறுது. என் பையன் பெட்டியப் படிச்சுக் காமிச்சான். ஃபார்னு போட்டிருக்கு. இருபத்தெட்டு வருஷமா மெஷின் பார்ட்ல ஸ்டாம்ப் பாத்து வாங்கறவன் நான். என்னையே ஏமாத்திட்டீங்களே?"

"சார், உக்காருங்க சார். தண்ணி—"

"தண்ணியெல்லாம் வேணாம். சார்ஜர் போனா போவுது. நான் நம்பி குரூப்ல போட்டேன். இப்ப ஒவ்வொருத்தனும், என்ன ஃபோர்மேன் சார், கமிஷனான்னு கேக்கறான்."

மீனாம்பாள் கணவரின் கையைத் தொட்டார். "இருங்க, கத்தாதீங்க."

"நான் எங்க கத்தறேன்?" அவர் பானுமதியை நேராகப் பார்த்தார். "கோவம் இல்லம்மா, வருத்தம். நீ போடற ஒவ்வொண்ணும் நாங்க படிப்போம் தெரியுமா?"

"நானா?"

"பின்ன யாரு? அந்த அரிசிப் பானை, ஸ்டாண்டு திருகாணி. இவ அத வாய்விட்டுப் படிப்பா. படிச்சிட்டு, பானு கவுண்டர்ல நின்னு பேசற மாதிரியே இருக்கும்பா."

"ஆமாம்மா" என்றார் மீனாம்பாள். "அதுவே போதும், அதுவே போதும்னு சொல்லுவியே, எங்க வீட்ல இப்ப அது பழமொழி ஆயிருச்சு. சட்டினி இல்லன்னா, பொடி இருக்கு, அதுவே போதும்பாரு இவரு. இந்தக் காலத்துல இப்படி மனசோட எழுதற பொண்ணு யாருன்னு எங்க மாடி வீட்டுக்காரி கேட்டா. எங்க பானுன்னு சொன்னேன்."

ஜீனத்துக்குப் போகிறதென்று இத்தனை மாசம் பானுமதி பொறாமைப்பட்ட பாராட்டெல்லாம் அவளுக்கேதான் வந்துகொண்டிருந்திருக்கிறது. போஸ்ட்டில் ஜீனத்தின் பெயர் கிடையாது. கடையில் ஜீனத்தின் முகம் கிடையாது. கவுண்டரில் நிற்கிறவள் எழுதுகிறாள் என்றுதான் ஊர் நினைத்திருக்கிறது. உறை வாங்க வந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தாரே, அது அவளுக்கான சிரிப்பு.

இப்போது ஒரு வாக்கியம் சொன்னால் அவள் தப்பிக்கலாம். 'நான் எழுதலை சார், பாலக்கரையிலிருந்து ஒரு பொண்ணு எழுதுது, அது பண்ணின தப்பு.' உண்மையும் அதுதான். அவள் வேண்டிக்கொண்ட சறுக்கலும் அதுதான். அண்ணன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் அப்படிச் சொன்னால் சார்ஜர் மட்டும் போகாது. அரிசிப் பானையும் போகும். திருகாணியும், சட்டினியும், பழமொழியும் சேர்ந்து போகும். மாடி வீட்டுக்காரியிடம் மீனாம்பாள், 'பானு இல்லையாம், வேற யாரோ ஜீனத்தாம்' என்பார். அந்தப் பெயர் அவர் வாயில் நல்லபடியாக ஏறி உட்காரும். தப்பை எல்லாரும் மறந்துவிடுவார்கள். எழுத்தை மறக்க மாட்டார்கள்.

கொடுக்க மாட்டேன் என்று இருந்தது பானுமதிக்கு. பொய்க்காரி என்றாலும் பரவாயில்லை. அதைக் கொடுக்க மாட்டேன்.

"நான்தான் சார் போட்டேன்" என்றாள். "தப்பு என்னுதுதான்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹீட்டரின் இரைச்சல் நின்றது.

"கவுண்டர்ல நல்ல சரக்கு எல்லாத்தையும் ஒரிஜினல்னுதான் சார் சொல்லுவோம். அந்தப் பழக்கத்துல எழுதிட்டேன். பெட்டியப் பாத்திருக்கணும். பாக்கல." பார்த்ததை அவள் சொல்லவில்லை. பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறோம். குரூப்ல போடறதுக்கும் எழுதித் தர்றேன்."

சண்முகசுந்தரத்தின் முகம் தளர்ந்தது. ஃபாக்டரியில் தப்பை ஒத்துக்கொள்கிற ஆளை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார் போல.

"சரி, எழுது. ஆனா மழுப்பாம எழுது. எப்பவும் எழுதற மாதிரி எழுது."

அவர்கள் போனதும் முருகானந்தம் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றினார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா எழுதுன?"

பானுமதி கவுண்டரைத் துணியால் துடைத்தாள்.

"ஜீனத் உன்கிட்ட காமிக்காம எதையும் போட மாட்டாளே பானு."

"காமிச்சா."

"பாத்தியா?"

"நம்ம கடைல ஒரிஜினல்னா அதானேண்ணே? நீங்களே அப்படித்தானே சொல்லுவீங்க?"

முருகானந்தம் கையுறையை மடித்தபடி உள்ளே போய்விட்டார். ரிச்சி தெருவிலிருந்து அந்த வாரம் அவர் கொண்டுவந்த சரக்கிலும் பாதிக்கு அதே பெயர்தான்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எழுத உட்கார்ந்தாள். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே, தவிர்க்க இயலாத காரணங்களால் ஏற்பட்ட பிழைக்கு வருந்துகிறோம்.' மின்வெட்டு அறிவிப்பு மாதிரி இருந்தது. அழித்தாள். 'தெரியாம நடந்து போச்சு.' அழித்தாள். எப்பவும் எழுதுகிற மாதிரி எழுது என்றாரே! கடைசியில் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஜீனத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள், தனக்குத் தோதான அளவுக்கு.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எனக்காக உங்க மேல போட்டுக்கிட்டீங்களாக்கா? நான்தான்க்கா மூளையில்லாம கம்பெனின்னு சேத்தேன். குழந்தை அழுதுச்சு, மறுபடி கேக்காம விட்டுட்டேன். நீங்க பாத்தும் உங்க கண்ணுக்கும் தப்பிருச்சு பாருங்க."

"ஆமா. தப்பிருச்சு."

"கூடப் பொறந்தவகூட இப்படிப் பண்ண மாட்டாக்கா."

பானுமதி மதில் மேல் காய்ந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். "அதை விடு. எழுது. மழுப்பாம எழுதணும்."

ஜீனத் பேசிக்கொண்டே எழுதினாள். "இதுல ஒண்ணும் விக்கக் கூடாதுக்கா. சார்ஜர் பேரத் தவிர வேற பொருள் பேரே வரக் கூடாது." சற்றைக்கெல்லாம் வந்துவிட்டது.

'போன வாரம் சார்ஜர் பத்தி நாங்க போட்டதுல ஒரு வார்த்தை பொய். அது உங்க போன் கம்பெனி சார்ஜர் இல்ல. வேற கம்பெனி செஞ்சது. பத்திரமான சார்ஜர்தான், ஆனா உங்க போனோட முழு வேகத்துக்கு ஏத்தாது. திருப்பிக் குடுக்கறவங்க பெட்டி கிழிஞ்சிருந்தாலும் கொண்டு வாங்க, பணத்தத் தந்துர்றோம். மெதுவா ஏறினா பரவாயில்லன்னு நினைக்கிறவங்க வச்சுக்கங்க. எங்கள நம்பி மத்தவங்களுக்குச் சொன்னவங்ககிட்ட தனியா மன்னிப்பு கேக்கறோம்.'

பானுமதி அதை இரண்டு தடவை படித்தாள். கடைசி வரி சண்முகசுந்தரத்துக்கு. அவர் பானுமதியிடம் சொன்ன வருத்தத்தை, அவரைச் சரியாகப் பார்த்தே இராத ஒருத்தி எழுதிவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அது குற்ற உணர்ச்சியா எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாதிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் வைத்துக்கொண்டார்கள். சண்முகசுந்தரம் அந்த மன்னிப்பைக் குரூப்பில் போட்டு, கீழே 'இந்தக் கடையைத்தான் சொன்னேன்' என்று எழுதினார். மீனாம்பாள் போன் பண்ணி, "பானு, நீ எழுதினதப் படிச்சு அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. சொல்லாத, வெக்கப்படுவாரு" என்றார்.

மார்கழிக் கடைசியில் முருகானந்தம் சாவியை நீட்டினார். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"திருவெறும்பூருக்கு நீ போ. வேற வழியில்ல. எழுதறது நீதான்னு நீயே சொல்லிட்ட. அங்க எல்லாரும் பானு வருது, பானு வருதுன்னு இருக்காங்க. ஜீனத்த உக்கார வச்சா, யாரு இதுன்னு கேப்பாங்க. அப்புறம் பொய்யுக்கு மேல பொய் சொல்லணும்."

"அவ என்ன சொன்னா?"

"சந்தோஷம்னா. அக்காவுக்குக் கிடைச்சதுல சந்தோஷமாம். குழந்தையோட வீட்லயே இருந்து எழுதறாளாம். பேரு வேணாமாம்." அவர் சாவியை விடாமல் பிடித்திருந்தார். "ஒண்ணு மட்டும் பானு. அடுத்த தடவை அவ காமிக்கறப்ப, கண்ணத் தொறந்து பாரு."

அவருக்குத் தெரியும். பானுமதி சாவியை இழுத்து வாங்கிக்கொண்டாள்.

திருவெறும்பூர்க் கடை முதல் நாளிலிருந்தே நன்றாக ஓடியது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்து, "நீங்கதானே பானு?" என்பார்கள். பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் பிடித்தது, ஒவ்வொரு முறையும் உள்ளே முள் ஒன்று திரும்பியது.

ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவதற்குள் செல்வமேரி டீச்சர் வந்துவிட்டார். குடியிருப்புப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. வந்ததும் வராததுமாகச் சிரித்தார்.

"எப்படிங்க இப்படியெல்லாம் தோணுது உங்களுக்கு? இன்னைக்குப் போட்டிருக்கீங்களே, அது அப்படியே எங்க மாமியாரு. காலைல எங்க வீட்ல ஒரே சிரிப்பு."

அன்று பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்ததில் பானுமதி போனை எடுக்கவில்லை. ராத்திரி ஜீனத் அனுப்பிய வரைவுக்கும், படிக்காமலே கட்டை விரலைப் போட்டிருந்தாள். மாமியாரா? என்ன மாமியார்?

"ஆமாங்க டீச்சர்" என்றாள் சிரித்துக்கொண்டே. "சும்மா, மனசுல தோணுச்சு."

"அந்த வயசானவங்க விஷயம் ரொம்ப உண்மைங்க. எனக்கும் அதே ஒண்ணு குடுங்க."

"எதுங்க?"

"அதாங்க, நீங்க எழுதியிருக்கீங்களே அது."

"இதோ, எடுத்துட்டு வரேன். உக்காருங்க."

பானுமதி சரக்கு அலமாரியின் மறைவுக்குப் போனாள். அங்கே குனிந்து, அட்டைப் பெட்டியில் எதையோ தேடுகிறவள் மாதிரி ஒரு கையால் சலசலவென்று சத்தம் பண்ணிக்கொண்டே, மறு கையால் போனைத் திறந்து, தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று அவசர அவசரமாகப் படிக்கத் தொடங்கினாள்.